கையெழுத்து யாருடையது? – ரஷ்ய ரெஸ்யுமே எழுதிய அனுபவம்

2002 மார்ச் கடைசியில் கூடங்குளத்தில் முதல் அலகுக்கான கான்கிரீட் போடத் தொடங்கினார்கள். அதிலிருந்து தென் தமிழ்நாட்டில் ரஷ்ய மொழி தெரிந்தவர்களுக்கு ஓயாத வேலை. சென்னையில் ரஷ்ய மொழி படித்துவிட்டுத் தொழில்நுட்ப மொழிபெயர்ப்பில் இருந்த நானும் அந்த அலையில்தான் திருநெல்வேலிப் பக்கம் வந்தேன். முதல் சில வருடங்கள் வரைபடக் குறிப்புகளும் இயக்கக் கையேடுகளும்தான் கையில் இருந்தன. பிறகு, அங்கே வேலை பழகிய நம் பொறியாளர்கள் தங்கள் பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ரஷ்யர்கள் கட்டும் அடுத்த அணுமின் நிலையத்துக்கோ, கஜகஸ்தானின் எண்ணெய் வயல்களுக்கோ போகும் ஆசை அவர்களுக்கு. 2017 இறுதியில் வங்கதேசத்தின் ரூப்பூரில் கட்டுமானம் தொடங்கியதும் இப்படி வந்தவர்கள் பல மடங்கு ஆனார்கள்.

வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "அண்ணாச்சி, இதை அப்படியே ரஷ்யனில் மாத்திக் குடுங்க." அப்படியே மாற்றினால் என்ன ஆகும் என்பதை இந்தத் தொழிலில் நான் நிறையவே பார்த்துவிட்டேன். ஆங்கில பயோடேட்டாவில் இருக்கும் பதவியும் படிப்பும் ரஷ்ய நிறுவனத்தின் படிக்கட்டில் எந்தப் படியில் நிற்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் இதில் உண்மையான வேலை. ஒரு படி ஏற்றி எழுதினால் பொய். ஒரு படி இறக்கி எழுதினால் அநியாயம். இரண்டுமே அகராதியைப் பார்த்து, தப்பில்லாமல் மொழிபெயர்த்த தாளில்தான் நடக்கும்.

ஒருமுறை ஒருவர் ஏற்கெனவே வேறிடத்தில் மொழிபெயர்த்த ரெஸ்யுமேயுடன் வந்தார். மூன்று இடங்களுக்கு அனுப்பியும் பதிலே இல்லை என்றார். அவர் ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தில் டெபுடி ஜெனரல் மேனேஜர். கீழே முப்பது பொறியாளர்கள், கையில் பைப்பிங் எரெக்‌ஷன் வேலை. மொழிபெயர்த்தவர் அதை 'ஸமெஸ்தீத்தெல் கெனெரால்னவ திரெக்தரா' என்று போட்டிருந்தார். அகராதிப்படி பார்த்தால் குற்றமே சொல்ல முடியாது. ஆனால் ரஷ்யாவில் கெனெரால்னி திரெக்தர் என்பவர் பொதுவாக ஒரு நிறுவனத்துக்கு ஒருவர்தான். சட்டப்படி நிறுவனத்தின் பேரில் கையெழுத்துப் போடுகிறவர். அவருடைய துணைவர் என்றால் நிறுவனத்தின் இரண்டாம் நிலை அதிகாரி. அப்படிப்பட்டவர் பைப்பிங் பிரிவில் ஒரு பொறியாளர் வேலைக்கு ஏன் விண்ணப்பிக்கிறார்? அத்தியேல் காத்ரவ் என்ற பணியாளர் துறையில் அந்தத் தாளைப் படித்தவர், ஏதோ விவகாரம் என்று ஓரமாக வைத்திருப்பார். நான் அதை 'நச்சால்னிக் அத்தியேலா', அதாவது துறைத் தலைவர் என்று மாற்றினேன். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவருடைய ஆங்கிலப் பதவியை ஆங்கில எழுத்திலேயே வைத்தேன். அந்த அடைப்புக்குறி முக்கியம். அனுபவச் சான்றிதழின் நோட்டரி மொழிபெயர்ப்பு பின்னால் போகும்போது இரண்டையும் ஒப்பிடுவார்கள். அப்போது இரண்டும் ஒரே ஆளைச் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறு அசிஸ்டென்ட் மேனேஜரில் நடக்கும். 'பமோஷ்னிக் மேனெட்ஜெரா' என்று எழுதினால், மேலாளருக்குத் தாள் எடுத்துக் கொடுக்கும் உதவியாளர் மாதிரி ஆகிவிடும். மேனெட்ஜெர் என்ற சொல் ரஷ்யாவுக்கு எண்பதுகளின் இறுதிக்குப் பிறகுதான் பரவலாக வந்தது. வந்த வேகத்தில் விற்பனைக்காரர்கள் எல்லாரும் அதை எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஆலையிலோ கட்டுமானத் தளத்திலோ பொறியாளரை அப்படிச் சொல்வது அபூர்வம். அங்கே இருக்கும் ஏணி வேறு: இன்ஷெனேர், அதன்மேல் இரண்டாம் வகை இன்ஷெனேர், முதல் வகை இன்ஷெனேர், பிறகு வெதூஷி இன்ஷெனேர் என்ற முன்னணிப் பொறியாளர், அதன்மேல் குழுத் தலைவர், துறைத் தலைவர். 1998இல் தொழிலாளர் அமைச்சகம் ஏற்ற பதவிகளுக்கான தகுதிக் கையேட்டில் இந்த வகைகள் இருக்கின்றன. பொதுவாக ஒரு வகையிலிருந்து அடுத்ததற்குப் போக, முந்தைய வகையில் குறைந்தது மூன்று வருடம் வேலை செய்திருக்க வேண்டும். அதனால் ரஷ்யர் ரெஸ்யுமேயைப் படிக்கும்போது, நீங்கள் அறியாமலே, ஒவ்வொரு பதவியிலும் எத்தனை வருடம் என்று மனதில் கூட்டிக்கொண்டே போவார்.

இந்த ஏணியில் ஏற்றி வைப்பதற்காக 'முதல் வகை இன்ஷெனேர்' என்று நான் யாருக்கும் எழுதித் தந்ததில்லை. அந்த வகை ஒரு நிறுவனம் தன் பணியாளருக்கு முறைப்படி வழங்குவது. நம் நிறுவனம் எதுவும் அதை வழங்கவில்லை. 'இன்ஷெனேர்-மெகானிக்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் வேலையின் அளவைச் சொன்னால் போதும்; படிக்கிறவர் வகையைத் தானே கணக்கிட்டுக்கொள்வார்.

படியைக் கண்டுபிடிக்க நான் கேட்பது மூன்றே கேள்விகள். உங்கள் கையெழுத்து எந்தத் தாளில் விழுந்தது? உங்களுக்குக் கீழே நேரடியாக யார் வேலை செய்தார்கள்? உங்கள் தாளில் உங்களுக்கு மேலே யார் கையெழுத்திட்டார்? விசிட்டிங் கார்டில் இருக்கும் பதவிப் பெயரை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.

நாகர்கோவில் பக்கத்துத் தம்பி ஒருவருடைய தாளை எடுத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, ஒரு அனல்மின் நிலையத்தில் கொதிகலன் குழாய் எரெக்‌ஷனில் சேர்ந்தவர். வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் பகுதி நேர பி.இ. முடித்தார். பிறகு வளைகுடாவில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் சைட் என்ஜினியர். அதன்பின் கூடங்குளத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் டெபுடி மேனேஜர். ரூப்பூரில் குழாய் நிறுவும் பகுதிக்கு நச்சால்னிக் உச்சாஸ்த்கா, அதாவது பகுதித் தலைவர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள்; அதற்குத்தான் அவர் வந்தார்.

முதலில் தலைப்பகுதி. அவருடைய பயோடேட்டா, சவாலான சூழலில் தன் திறமையை வளர்த்துக்கொள்ளும் விருப்பத்தில் தொடங்கியது. அதை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ரஷ்யர்கள் எதிர்பார்ப்பது 'ஷெலாயெமயா தோல்ஷ்னஸ்த்', விரும்பும் பதவி. அறிவிப்பில் எந்தச் சொல்லால் பதவியைக் குறித்தார்களோ அதே சொல்லை ஒரே வரியில் போட வேண்டும். கீழே பிறந்த தேதி, குடியுரிமை, இப்போது இருக்கும் ஊர், இடம் மாறத் தயாரா, வெளியூர்ப் பணிக்குத் தயாரா என்ற விவரங்கள். தகப்பனார் பெயர், மதம், பாஸ்போர்ட் எண், கடைசியில் 'மேற்கண்டவை உண்மை' என்ற உறுதிமொழி, இவை எல்லாம் போகட்டும். அங்கே அந்த உறுதிமொழிக்கு இடமில்லை. தனிநபர் தகவலைக் கையாள ஒப்புதல் தரும் தனித் தாளில் வேலைக்குச் சேர்ப்பவர்களே கையெழுத்து வாங்குவார்கள்; 2006ஆம் வருடச் சட்டம் அதைக் கேட்கிறது.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் சோவியத் நிறுவனங்கள் ரெஸ்யுமே என்ற ஒன்றையே கேட்டதில்லை. பணியாளர் பதிவுத் தாள் ஒன்றும், பிறப்பிலிருந்து தொடங்கி வரிசையாகப் போகும் சுயசரிதை ஒன்றும் கேட்டார்கள். உறவினர் வெளிநாட்டில் இருக்கிறார்களா என்பது வரை அதில் இருக்கும். மொழியறிவுக்கு 'அகராதி உதவியுடன் படிப்பேன், மொழிபெயர்ப்பேன்' என்ற ஒரு வாக்கியம் எல்லாருக்கும் பொது. தொண்ணூறுகளில் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்த பிறகுதான் கடைசி வேலையை முதலில் எழுதும் பழக்கம் நிலைத்தது. இப்போது ஹெட்ஹண்டர் போன்ற வேலைவாய்ப்புத் தளங்களின் படிவமே அச்சு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய தாளை நிரப்பி வளர்ந்தவர்கள் பல இடங்களில் இன்னும் முடிவெடுக்கும் நாற்காலியில் இருக்கிறார்கள். இடைவெளியில்லாத வருடங்களை அவர்கள் கண் தேடும். நம் ஊரில் காண்ட்ராக்டர் பொறியாளர்கள் புராஜெக்ட் வாரியாக எழுதுவார்கள். ஒரே நிறுவனத்தில் இருந்தவர் ஆறு இடம் மாறியவர் போலத் தெரிவார். அதை நிறுவன வாரியாகத் திருப்பி அடுக்கினேன். ஒரு நிறுவனம், ஒரு காலம், அதற்குள்ளே புராஜெக்டுகள்.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ரஷ்யப் படிவம் குடும்பப் பெயர், பெயர், தகப்பன் வழிப் பெயர் என்று மூன்று கட்டம் வைத்திருக்கும். நமக்கு இனிஷியலும் பெயரும்தான். தானாக எதையும் பங்கு போட்டு நிரப்பக் கூடாது. பாஸ்போர்ட்டின் நோட்டரி மொழிபெயர்ப்பில் ரஷ்ய எழுத்தில் எப்படி விழுந்திருக்கிறதோ, அதே வரிசையில் அதே எழுத்தில் போட வேண்டும். விசாவில் ஒன்று, டிப்ளமாவில் ஒன்று, ரெஸ்யுமேயில் ஒன்று என்று மூன்று எழுத்துக்கூட்டல் இருந்தால் மூன்று ஆட்கள் ஆகிவிடுவார்கள்.

அடுத்து 'ஓப்பித் ரபோத்தி', வேலை அனுபவம். வளைகுடாவில் சைட் என்ஜினியர் என்பதை என்னவென்று எழுதுவது? ரஷ்யத் தளத்தில் இதற்கு இரண்டு வெவ்வேறு நாற்காலிகள் இருக்கின்றன. காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, மாலையில் பணிப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறவர் ப்ரொராப். கணக்கெடுப்பு, பொருள் தேவைப் பட்டியல், முடிந்த வேலைக்கான ஆவணங்கள், மறைந்துபோகும் வேலைகளுக்கான ஆய்வுச் சான்று ஆகியவற்றைத் தயார்செய்கிறவர் பெ-தெ-ஓ பொறியாளர். உற்பத்தி-தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்தவர். முன்னவருக்கு வெயிலும் புழுதியும். பின்னவருக்கு அலுவலகமும் கோப்பும். தம்பியிடம் கையெழுத்துக் கேள்வியைக் கேட்டேன். "தினமும் வெல்டிங் ரிப்போர்ட்டிலயும் பெர்மிட்லயும் என் கையெழுத்துதான் அண்ணாச்சி. பில் குவான்டிட்டி எல்லாம் ஆபீஸ்ல வேற ஆளு பாத்தாரு" என்றார். அப்படியானால் ப்ரொராப். 'தளப் பொறியாளர்' என்று சொல்லுக்குச் சொல் எழுதியிருந்தால் படிப்பவர் அவரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பதென்று தெரியாமல் திண்டாடியிருப்பார்.

கூடங்குளத்து டெபுடி மேனேஜர் பதவிக்கு அவர் சொன்னது: நேரடியாக நான்கு ப்ரொராப் அளவிலான பொறியாளர்கள், அவர்களுக்குக் கீழே காண்ட்ராக்ட் வெல்டர்களும் ஃபிட்டர்களும், அவருக்கு மேலே தளத்தின் தலைமை அதிகாரி. இதுவே பகுதித் தலைவரின் இடம். ஆகவே 'நச்சால்னிக் உச்சாஸ்த்கா' என்று எழுதி, ஆங்கிலப் பெயரை அடைப்புக்குறியில் வைத்தேன். கீழே வேலை செய்தவர்களைக் கணக்கிடும்போது நேரடிப் பொறியாளர்களையும் காண்ட்ராக்ட் ஆட்களையும் தனித்தனியாகக் காட்டினேன். நம் ஆட்கள் மொத்தமாக நூற்றிருபது பேர் என்று எழுதிவிடுவார்கள். ரஷ்யரோ அத்தனை பேருக்கும் சம்பளப் பட்டியலில் இவர் கையெழுத்திட்டார் என்று நினைத்துவிடுவார்.

பணிகளை எழுதும் நடையிலும் கவனம் தேவை. ஆங்கிலத்தில் எல்லாம் வினைச்சொல்லில் தொடங்கும். ரஷ்ய ரெஸ்யுமேயில் அன்றாடக் கடமைகளை 'மேற்பார்வை', 'ஒருங்கிணைப்பு', 'தயாரிப்பு' என்று பெயர்ச்சொல்லாக அடுக்குவார்கள். முடித்துக் காட்டிய சாதனையை மட்டும் இறந்தகால வினையில் சொல்வார்கள். இந்தப் பிரிப்பைச் செய்துவிட்டால் எது கடமை, எது சாதனை என்று ஒரே பார்வையில் தெரியும். ஆங்கிலத்தில் வரிக்கு வரி வரும் 'பொறுப்பு வகித்தேன்' என்பதை 'அத்வேத்ஸ்த்வென்னி' என்று போடுவதை நான் தவிர்ப்பேன். ஒரு ஆலையில் மின்சார அமைப்புக்குப் பொறுப்பாளர், கிரேன் வேலையின் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் என்பவர்கள் ப்ரிகாஸ் என்ற எழுத்துப்பூர்வ ஆணையால் நியமிக்கப்பட்டு, அதற்கான தேர்வும் எழுதியவர்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் 'எந்த ஆணைப்படி?' என்ற கேள்வி நேர்காணலில் வந்து விழும்.

அளவுகளில்தான் தம்பியோடு அதிக நேரம் உட்கார்ந்தேன். அவருடைய பெருமையான வரி, பன்னிரண்டாயிரம் இன்ச்-டயா வெல்டிங் முடித்தது. நம் ஊரிலும் வளைகுடாவிலும் பைப்பிங் வேலையை இப்படித்தான் அளக்கிறோம்: ஆறு அங்குலக் குழாயில் ஒரு ஜாயிண்ட் போட்டால் ஆறு இன்ச்-டயா. ரஷ்யத் தளத்தில் டன், மீட்டர், ஜாயிண்ட் எண்ணிக்கை என்றுதான் பேசுவார்கள். சராசரி விட்டம் ஆறு அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் பன்னிரண்டாயிரம் என்பது இரண்டாயிரம் ஜாயிண்ட். ஆனால் சராசரியை ஊகிக்கக் கூடாது. அவருடைய பழைய மாதாந்திர அறிக்கைகளிலிருந்து விட்டவாரியான பட்டியலை எடுக்கச் சொல்லி, ஜாயிண்ட் எண்ணிக்கையை அதிலிருந்து கூட்டிப் போட்டோம். டன்னுக்கு ஆதாரம் இல்லாததால் டன்னை விட்டுவிட்டோம். குழாய் அளவும் அப்படியே: ஆறு அங்குலம் என்பது 'தூ 150', பத்து அங்குலம் 'தூ 250'. கிளாஸ் 300 ஃபிளாஞ்ச் என்றால், அதற்கு ஈடாகப் பெயரளவு அழுத்தம் 50 பார் என்று பக்கத்தில் எழுதினால் அவர்களுக்குப் புரியும். சான்றிதழ்களில் இந்த மாற்றமே கூடாது. ஏ.எஸ்.எம்.இ. விதிப்படி தகுதி பெற்ற வெல்டிங் அனுபவத்தை ரஷ்யாவின் 'நாக்ஸ்' சான்றாக மாற்றி எழுத யாருக்கும் உரிமை இல்லை. விதித்தொகுப்பின் பெயரை அதன் சொந்த எழுத்தில் வைத்துவிட்டு நகர வேண்டும்.

கடைசியாக 'அப்ரஸவானியே', கல்வி. ஏற்றமும் இறக்கமும் ஒரே பத்தியில் சந்திக்கும் இடம் இதுதான். ரஷ்ய மொழியில் டிப்லோம் என்றால் எந்தப் படிப்பை முடித்தாலும் கையில் தரும் சான்று; பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கும் அதே பெயர்தான். நம் டிப்ளமா இன் மெக்கானிக்கல் என்ஜினியரிங்கை 'டிப்லோம் இன்ஷெனேரா-மெகானிகா' என்று எழுதினால், பாலிடெக்னிக் படித்த பையனுக்கு ஐந்து வருடப் பொறியியல் பட்டத்தைத் தூக்கிக் கொடுத்ததாகும். அடுத்த வரியில் அவருடைய பி.இ. பட்டத்தில் தலைகீழாக நடக்கும். என்ஜினியரிங் காலேஜை 'கொலெட்ஜ்' என்று எழுதினால், ரஷ்யாவில் அது பள்ளிக்கு மேலும் பல்கலைக்கழகத்துக்குக் கீழும் உள்ள தொழிற்கல்வி நிலையம். ஆக, டிப்ளமா மேலே ஏறி, பட்டம் கீழே இறங்கிவிடும். இப்படி எழுதிய தாள்கள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன.

தம்பிக்கு நான் எழுதியது இப்படி. டிப்ளமாவுக்கு 'ஸ்ரேத்னியே ப்ரஃபெஸ்ஸியனால்னயே', இடைநிலைத் தொழிற்கல்வி; கல்வி நிலையம் பொலித்தெக்னிகும்; மூன்று வருடம். பி.இ. பட்டத்துக்கு முதல் சொல்லே 'வீஸ்ஷெயே', உயர்கல்வி. பிறகு 'பகலாவ்ர்', இளநிலைப் பட்டம். பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயர் முதலில், கல்லூரியின் பெயர் அதன்பின், பக்கத்தில் 'வூஸ்' என்று ஒரு சொல். வூஸ் என்றால் உயர்கல்வி நிறுவனம். கொலெட்ஜ் என்ற சொல் செய்த சேதத்தை அந்த ஒரு சொல் சரிசெய்துவிடும். பகுதி நேரம் என்பதை மறைக்கவில்லை. 'வெச்சேர்ன்யயா ஃபோர்மா', மாலை வகுப்பு என்று எழுதினேன். ஆலையில் வேலை செய்துகொண்டே மாலையில் படித்துப் பொறியாளரானவர்கள் சோவியத் காலத்தில் ஏராளம். அந்த வரி அவர்களுக்குப் பழக்கமானது. எட்டுப் புள்ளி இரண்டு என்ற மதிப்பெண் சராசரியை அவர்களுடைய ஐந்து புள்ளி முறைக்கு மாற்றாமல், பத்துக்கு எவ்வளவு என்றே எழுதினேன்.

பகலாவ்ர் என்று எழுதத் தயங்குகிறவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. பழைய முறையில் ஐந்து வருடம் படித்து, பட்டயத்திலேயே 'இன்ஷெனேர்' என்ற தகுதியைப் பெற்றவர்கள், நான்கு வருடப் பகலாவ்ரை அரைகுறையாகப் பார்த்தார்கள். 2011 வாக்கில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் புதிய முறைக்கு மாறின. 2012 டிசம்பரில் வந்த கல்விச் சட்டம் பகலாவ்ரை முழுமையான உயர்கல்வியின் ஒரு நிலை என்று தெளிவாகவே சொல்கிறது. அதனால் 'இன்ஷெனேர்' பட்டம் என்று உயர்த்திப் போட வேண்டிய தேவை இல்லை. அப்படிப் போட்டால், பட்டச் சான்றை ரஷ்யாவில் அங்கீகாரத்துக்கு அனுப்பும்போது அது பகலாவ்ராகவே திரும்பி வரும். அந்த முரண்பாடு வேலைக்குச் சேர்ந்த பிறகு வெளிப்படும்.

தம்பியின் நான்கு பக்க பயோடேட்டா ரஷ்யனில் இரண்டு பக்கத்தில் முடிந்தது. நேர்காணல் வீடியோவில் நடந்தது. மொழிபெயர்க்க நானும் உட்கார்ந்திருந்தேன். ரஷ்யத் தரப்பில் இருந்தவர் வயதான தலைமைப் பொறியாளர். பதவியைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கார்பன் ஸ்டீலுக்குப் பயன்படுத்திய கிரைண்டிங் டிஸ்க் ஸ்டெயின்லெஸ் குழாய்ப் பக்கம் வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று கேட்டார். டிஸ்குகளுக்கு வண்ணக் குறி, தனித்தனி அறை, தனித்தனி வழங்கல் பதிவேடு என்று தம்பி விவரமாகச் சொன்னார். பதிவேட்டில் யார் கையெழுத்து என்று கேட்டார். "என் கையெழுத்து" என்றார் தம்பி. பேச்சு அங்கிருந்து ஹைட்ரோ டெஸ்ட்டுக்குப் போனது.

ரெஸ்யுமே சரியாக விழுந்ததா என்பதை நான் இப்படித்தான் தெரிந்துகொள்கிறேன். முதல் கேள்வியே 'இந்தப் பதவி என்றால் என்ன?' என்று வந்தால், என் தாள் தன் வேலையைச் செய்யவில்லை. முதல் கேள்வி குழாயைப் பற்றியோ ஜாயிண்டைப் பற்றியோ வந்தால், எதிரே இருப்பவர் இவரைத் தன் ஏணியில் சரியான படியில் வைத்துவிட்டார் என்று அர்த்தம். அதற்குமேல் பேச வேண்டியது பொறியாளர்தான்.